டெரிகாட்டனா, பருத்தியா, லினனா: கடலோர ஊரின் அன்றாட உடைக்கு எந்தத் துணி?

சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு துணிக்கடையில் சட்டைத் துணி எடுக்கப் போனால், பெரும்பாலும் இரண்டு துண்டுகள் நம் முன்னே விரிக்கப்படும். ஒன்று 65 விழுக்காடு பாலியெஸ்டரும் 35 விழுக்காடு பருத்தியும் கலந்தது. கடைக்காரர்கள் அதைப் ‘பிசி’ என்பார்கள், நம் பெற்றோர் டெரிகாட்டன் என்றார்கள். மற்றொன்று முழுப் பருத்தியில் நெய்த பாப்ளின். முதல் துண்டுக்கு இஸ்திரி அதிகம் வேண்டாம், சாயம் வெளுக்காது, காலர் நைந்துபோக ஆண்டுகள் ஆகும் என்று விற்பனையாளர் சொல்வார். அவர் சொல்வது எல்லாம் உண்மை. அதற்கு எதிராக நம்மிடம் இருப்பது ‘உள்ளே புழுங்கும்’ என்ற ஒரே ஒரு வாக்கியம்தான். அந்தப் புழுக்கம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிந்தால், எந்தச் சூழலுக்கு எந்தத் துணி என்பதையும் ஓரளவு துல்லியமாக முடிவு செய்யலாம். கடலோர நகரத்தில் அரைமணி நேரம் பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ வேலைக்குப் போய்த் திரும்பும் ஒருவரின் உடையை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

தமிழில் வெயில், வெக்கை, புழுக்கம் ஆகிய மூன்றும் வெவ்வேறு சொற்களாக இருப்பது இங்கே உதவுகிறது. பாலியெஸ்டர் சட்டை ‘சூட்டைப் பிடித்து வைக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், ஒரு மெல்லிய சட்டை கம்பளியைப் போல வெப்பத்தை அடைத்து வைப்பதில்லை. அது எந்த இழையால் ஆனதாக இருந்தாலும், வெப்பத்தைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு இழைக்கு இடையிலும் துணிக்கும் தோலுக்கும் இடையிலும் நிற்கும் காற்றுக்கு உரியது. பாலியெஸ்டர் கலப்புத் துணி உண்மையில் தடுத்து நிறுத்துவது வியர்வையின் ஆவியை. ஆவி நின்றால் உடல் குளிர்வதும் நின்றுவிடுவதால் நமக்கு அது சூடாகத் தெரிகிறது.

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். மெதுவாக நடந்துகொண்டிருப்பவரின் உடல் ஏறத்தாழ 200 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. காற்று 25 டிகிரியில் இருந்தால் அதில் பெரும்பகுதி தானாகவே காற்றுக்குப் போய்விடும். காற்று 36 டிகிரியில் இருக்கும்போது, தோலின் வெப்பநிலையே 35 டிகிரி அளவில்தான் இருக்கும் என்பதால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. எஞ்சியிருப்பது வியர்வை ஆவியாவது மட்டுமே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே 200 வாட்டைச் சமாளிக்க மணிக்கு 300 கிராம், அதாவது நிமிடத்துக்கு 5 கிராம் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டாக வழிந்து தரையில் விழும் வியர்வையும் கைக்குட்டையில் துடைத்தெடுக்கும் வியர்வையும் இந்தக் கணக்கில் வராது. உடலிலிருந்து நீர் போகும், குளிர்ச்சி மட்டும் கிடைக்காது.

ஆவியை வெளியே தள்ளுவது தோலின் மேலுள்ள ஆவி அழுத்தத்துக்கும் காற்றின் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி. 35 டிகிரியில் நனைந்த தோலின் மேல் அது சுமார் 5.6 கிலோபாஸ்கல். உள்மாவட்டத்தில் 38 டிகிரி வெயிலும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு மதியத்தில் காற்றின் ஆவி அழுத்தம் 2 கிலோபாஸ்கல் என்பதால் இடைவெளி 3.6. கடற்கரை ஊரில் 36 டிகிரியும் 57 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள மதியத்தில் காற்றின் ஆவி அழுத்தம் 3.4 ஆகிவிடுவதால் இடைவெளி 2.2 மட்டுமே. வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் கடலோரத்தில் வியர்வை உலர மறுப்பது இதனால்தான். ஏற்கெனவே குறுகிப்போன இந்த இடைவெளிக்கு நடுவில்தான் நாம் சட்டையை மாட்டுகிறோம். சட்டைக்கு உள்ளே நிற்கும் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால், தோலைப் பொறுத்தவரை வெளியே என்ன காற்று வீசுகிறது என்பதற்கே பொருள் இல்லாமல் போகிறது. வறண்ட ஊரில் டெரிகாட்டன் சட்டையைப் பொறுத்துக்கொண்டவர், சென்னைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே அதே சட்டையை வெறுப்பதற்கும் காரணம் இதுவே.

இனி இழைக்கு வருவோம். ஈரப்பதம் 65 விழுக்காடு உள்ள காற்றில் வைத்தால் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு நீரைக் காற்றிலிருந்தே வாங்கி வைத்துக்கொள்கிறது. லினனும் ரேயானும் 11 முதல் 13 விழுக்காடு வரை வாங்குகின்றன. பாலியெஸ்டர் வாங்குவது அரை விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த எண்களைக் காட்டி, ‘பருத்தி வியர்வையை உறிஞ்சுகிறது, அதனால் குளிர்ச்சி’ என்று முடித்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. 200 கிராம் எடையுள்ள ஒரு பருத்திச் சட்டையோடு ஏசி அறையின் 50 விழுக்காடு ஈரப்பதத்திலிருந்து வெளியே 80 விழுக்காட்டுக்கு வந்தால், அது கூடுதலாக ஏற்கும் ஆவி சுமார் 8 கிராம். அதே எடையுள்ள 65-35 கலப்புச் சட்டையில் பருத்தி 70 கிராம்தான் என்பதால் அது ஏற்பது 3 கிராம். நிமிடத்துக்கு 5 கிராம் வியர்க்கும் ஒருவருக்கு முதல் சட்டை ஒன்றரை நிமிடமும் இரண்டாவது அரை நிமிடத்துக்குச் சற்று மேலும்தான் தாக்குப்பிடிக்கும். வாசலைத் தாண்டிய கணத்தில் சட்டென ஒட்டாமல் இருப்பதற்கு அந்த ஒன்றரை நிமிடம் உதவும். பேருந்து நிறுத்தத்தில் கால்மணி நேரம் நிற்பவருக்கு அதனால் பயன் இல்லை.

அதற்கு மேல் வேறுபாட்டை உண்டாக்குபவை இரண்டு. முதலாவது, நீர்மமாகிவிட்ட வியர்வை துணியில் எவ்வளவு பரவுகிறது என்பது. முதுகுத்தண்டு வழியே இறங்கும் வியர்வை, பலமுறை துவைத்துப் பழகிய பருத்தியில் பட்டவுடன் உள்ளே இழுக்கப்பட்டு உள்ளங்கையளவு படர்கிறது. மெல்லிய படலமாகப் படர்ந்த நீர் விரைவில் ஆவியாகும். பாலியெஸ்டரின் மேற்பரப்பில் நீர் எளிதில் ஒட்டுவதில்லை. கலப்பு நூலில் பருத்திப் பங்கு மட்டும் இழுக்க, மூன்றில் இரண்டு பங்கு இழை விலகி நிற்பதால், வியர்வை துணிக்கும் தோலுக்கும் நடுவிலேயே தேங்கி, சட்டை முதுகோடு ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் காற்றுக்கு இடமில்லை.

இரண்டாவது நெசவு. இதைத்தான் வாங்குபவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை, என் கணிப்பில் இழையைவிட இதுவே முக்கியம். பாவும் ஊடையும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே துணிக்குள் காற்று புகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. சட்டைக்கென விற்கப்படும் கலப்புத் துணிகளில் பல, மெல்லிய நூலில் நெருங்க நெய்து, சூடேற்றி மடிப்பு நிலைக்குமாறு பதப்படுத்தப்பட்டவை. அந்த வழவழப்பே விற்பனைக்கான அழகு. உறிஞ்சாத இழையும் காற்று புகாத நெசவும் ஒன்றுசேரும்போதுதான் புழுக்கம் உச்சத்தை அடைகிறது. இதன் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: கெட்டியாக நெய்த முழுப் பருத்தி டிரில் துணியில் தைத்த சட்டை, தளர்வாக நெய்த கலப்புத் துணியைவிட மோசமாகப் புழுங்கும். சீட்டில் ‘100 விழுக்காடு பருத்தி’ என்று இருப்பது மட்டும் போதாது.

பாலியெஸ்டரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, விளையாட்டு வீரர்கள் ஏன் அதையே அணிகிறார்கள் என்ற கேள்வி எழும். அந்தப் பனியன்கள் நெய்யப்பட்டவை அல்ல, பின்னப்பட்டவை. சல்லடை போன்ற கண்கள் உள்ளவை. இழையின் குறுக்குவெட்டிலேயே வாய்க்கால் போன்ற பள்ளங்கள் வைத்து, நீர் அவற்றின் வழியே ஓடுமாறு செய்யப்படுபவையும் உண்டு. ஓடுபவருக்கு எதிர்க்காற்றும் தானாகக் கிடைக்கிறது. பருத்தியோ அந்த அளவு வியர்வையில் ஊறிக் கனத்து, உலராமல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே காலையில் ஒரு மணி நேரம் இறகுப்பந்து ஆடுபவருக்கு அது சரியான உடைதான். அதை நாள் முழுக்க அணிவதில் வேறொரு தொல்லை இருக்கிறது. 2014-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உடற்பயிற்சி செய்த 26 பேரின் பனியன்களை ஒப்பிட்டபோது, பாலியெஸ்டர் பனியன்களின் வாடை பருத்தியைவிடக் கடுமையாக இருந்ததையும், வாடையை உண்டாக்கும் ஒருவகை நுண்ணுயிர் பாலியெஸ்டரில் செழித்ததையும் கண்டார்கள். எண்ணெய்த்தன்மை உள்ள அழுக்கை அந்த இழை விடாமல் பிடித்துக்கொள்வதால், துவைத்த பிறகும் அக்குள் பகுதியில் மணம் நிற்பதைப் பலர் கவனித்திருப்பார்கள்.

அன்றாட உடைக்கு மாற்றாக உள்ளவற்றில் முதலிடம் பருத்திக்குத்தான். எந்தப் பருத்தி என்பதில்தான் தேர்வு இருக்கிறது. ஆலையில் நெய்த 40-ஆம் நம்பர் அல்லது 60-ஆம் நம்பர் நூல் பாப்ளின், அலுவலகத்துக்கு ஏற்ற தோற்றம் தரும். எங்கும் கிடைக்கும். ஜிஎஸ்எம் எனப்படும் சதுர மீட்டர் எடை 100 முதல் 120 வரை உள்ள துணி கோடைக்குப் போதும். 140-ஐத் தாண்டினால் தளர்ந்த நெசவாக இருந்தாலன்றி வேண்டாம் என்பேன். ‘சுருக்கம் விழாத பருத்தி’ என்று விற்கப்படுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. பருத்தி இழையின் மூலக்கூறுகளை ஒருவகைப் பிசினால் பிணைத்துத்தான் சுருக்கத்தைத் தடுக்கிறார்கள். அதனால் உறிஞ்சும் திறன் குறைகிறது, துணியின் வலிமையும் குறைகிறது. இஸ்திரிப் பெட்டியிலிருந்து தப்பிப்பதற்காகப் பருத்தியின் பயனில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறோம்.

கைத்தறிப் பருத்தியும் கதரும் இதே இழையின் வேறு முகங்கள். கைத்தறியில் பாவின் இழுவிசை விசைத்தறியைவிடக் குறைவு. கதரில் நூலே கையால் நூற்றது என்பதால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். இந்த ஒழுங்கின்மையே பாவுக்கும் ஊடைக்கும் இடையில் சிறு சந்துகளை விட்டுவைக்கிறது. துணியின் சொரசொரப்பு தோலில் முழுதாகப் படியாமல் அங்கங்கே மட்டும் தொடுவதால், வியர்த்த பிறகும் ஒட்டுவது குறைவு. புழுக்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், மெல்லிய கைத்தறிச் சட்டைக்கு மேல் நான் எதையும் வைக்கமாட்டேன். குறைகளும் உண்டு. முதல் சலவையில் சுருங்கும், ஆகவே தைக்கக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுக்க வேண்டும். அடர்ந்த சாயங்கள் முதல் சில சலவைகளில் விடும். மதியத்துக்குள் கசங்கும். அதைக் கசங்கல் என்று பார்க்கும் அலுவலகங்களில் அது குறைதான்.

கஞ்சியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கஞ்சி போட்ட வேட்டியோ பருத்திப் புடவையோ விறைத்து நிற்பதால் உடம்போடு ஒட்டாது. காற்று உள்ளே போய்வர இடம் இருக்கும். ஆனால் கெட்டிக் கஞ்சி நெசவின் சந்துகளை அடைத்து, வியர்வை பட்டதும் பிசுபிசுக்கும். இடுப்புக்குக் கீழே தளர்ந்து தொங்கும் வேட்டிக்கும் புடவைக்கும் கஞ்சி பொருந்தும், உடம்பைத் தொடும் சட்டைக்கும் ரவிக்கைக்கும் நீர்த்த கஞ்சிக்கு மேல் வேண்டாம். துவைத்தபின் ஊற்றும் மணத் திரவங்களும் இழையின் மேல் வழுவழுப்பான படலத்தை விட்டு உறிஞ்சுவதைக் குறைப்பதால், பருத்திக்கு அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

லினன் ஆளிச் செடியின் தண்டு நாரிலிருந்து வருவது. நார் விறைப்பானது என்பதால் துணி உடம்பிலிருந்து விலகி நிற்கும், நீரை வேகமாக இழுத்து வேகமாக விடும். பருத்தியைவிட விரைவில் உலரும் என்பது கடலோரத்தில் பெரிய அனுகூலம். 150 ஜிஎஸ்எம் லினன்கூட நெசவு திறந்திருப்பதால் புழுங்குவதில்லை. நார் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருவதால் விலை அதிகம், சுருக்கமோ பருத்தியைவிட ஆழமாக விழும். விலை குறைந்த ‘லினன்’ கண்ணில் பட்டால் சந்தேகப்பட வேண்டும். தடிப்பும் மெலிவுமாக நூற்ற பாலியெஸ்டர் கலப்பு நூலில் நெய்து, லினன் தோற்றம் மட்டும் தரும் துணிகள் சந்தையில் நிறைய உள்ளன.

ரேயான், ஈரோட்டுச் சந்தையில் மலிவாகக் குவியும் குர்த்தித் துணி. பெயர் செயற்கையாக ஒலித்தாலும், மரக்கூழின் செல்லுலோஸிலிருந்து செய்யப்படுவதால் பாலியெஸ்டரோடு அதைச் சேர்த்துப் பேசுவது தவறு. பருத்தியைவிட அதிகம் உறிஞ்சும், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அதன் பலவீனம் நனைந்த நிலையில் தெரியும்: ஈரத்தில் பருத்தி வலுக்கூடுகிறது, ரேயான் தன் வலிமையில் பாதியளவு இழக்கிறது. முறுக்கிப் பிழிந்தால் தையலோரம் விடும், சலவைக்குச் சலவை சுருங்கும். வீட்டிலும் மாலை நேரத்திலும் அணியத் தளர்வான ரேயான் குர்த்தி சிறந்தது. தினமும் வியர்த்து, தினமும் துவைத்து அணியும் அலுவலக உடைக்கு அது ஓராண்டைத் தாண்டினால் நல்லது என்றே எதிர்பார்க்க வேண்டும்.

கலப்புத் துணியை முழுதாக விலக்க முடியாத சூழல்களும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்திச் சட்டை கொடியில் இரண்டு நாள் தொங்கியும் ஈரமணம் போகாது. அப்போது வெப்பமும் குறைந்திருப்பதால், இரவோடு இரவாக உலரும் கலப்புச் சட்டை இரண்டு வைத்திருப்பது நடைமுறை அறிவு. வாசலிலிருந்து ஏசி காரில் ஏறி ஏசி அறையில் இறங்குபவருக்கும் எந்தத் துணியானாலும் பெரிய வேறுபாடு தெரியாது. சீருடை கட்டாயமாக இருந்து, துணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓரளவு இருந்தால், 65-35-க்குப் பதில் பருத்தி 60 விழுக்காடு உள்ள கலப்பைக் கேட்கலாம். வியாபாரத்தில் அதற்குச் ‘சிவிசி’ என்று பெயர். பருத்தி பாதியைத் தாண்டும்போது வியர்வை பரவுவது கண்கூடாக மேம்படுகிறது. ஒரு மெல்லிய பருத்திப் பனியனை உள்ளே அணிந்தால் அது வியர்வையைப் பரப்பும் வேலையைச் செய்யும், ஒரு படலம் கூடுகிறது என்ற விலையோடு.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. துணியை ஒற்றை மடிப்பாக வாயருகே பிடித்து, மறுபுறம் உள்ளங்கையை வைத்து ஊதினால், மூச்சு கையில் படுகிறதா என்பது நெசவைச் சொல்லிவிடும். இழையை அறிய, வீட்டில் தையலோரத்திலிருந்து ஒரு நூலை உருவி இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்ட வேண்டும். பருத்தியும் லினனும் ரேயானும் காகிதம் எரிந்த மணத்தோடு எரிந்து, தேய்த்தால் தூளாகும் சாம்பலை விடும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கரும்புகை விட்டு, ஆறியதும் நசுங்காத கறுப்பு மணியாக உறையும். கலப்பில் எரிதலும் நடக்கும், விரலுக்குக் கெட்டியாக ஒரு எச்சமும் தட்டுப்படும். ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்க்கும் சோதனையைப் புதுத் துணியில் நம்பக்கூடாது, ஏனெனில் ஆலையில் இட்ட பதம் பருத்தியிலும் நீரை உருட்டும். இரண்டு முறை துவைத்த பிறகு செய்தால் சரியான விடை கிடைக்கும்.

ஆறு சட்டைகள் எடுக்க ஒருவரிடம் பணம் இருந்தால், நான்கைப் பருத்தி பாப்ளினிலோ கைத்தறியிலோ எடுத்து, மார்பளவில் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் தளர்வாகத் தைக்கச் சொல்வேன். நடக்கும்போது சட்டைக்குள் காற்று துருத்தி போல் போய்வருவதற்கு அந்த இரண்டு அங்குலம் வேண்டும். ஒன்று லினனாகவும் ஒன்று மழைக்காலத்துக்கான சிவிசி கலப்பாகவும் இருக்கட்டும். பெண்களின் உடையில் இதே கணக்கை ஒரு சிறு துணி குலைத்துவிடும்: சுங்குடிப் புடவையும் கோட்டா காட்டன் சுடிதாரும் தேடி எடுத்துவிட்டு, உள்ளே பாலியெஸ்டர் சாட்டின் பாவாடையும் பாலியெஸ்டர் லைனிங்கும் வைத்தால், தோலைத் தொடுவது அந்த உள்துணிதான், மேலே உள்ள பருத்திக்கு வேலையே இருக்காது. தையற்கடையில் எதுவும் சொல்லாமல் கொடுத்தால் விலை குறைந்த லைனிங்கே வந்து சேரும் என்பதால், மல் துணியை நாமே வாங்கி, நனைத்து உலர்த்தி, மேல்துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.